ஆக்னஸ் கேட்ட பட்டன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆர்டர் பதிவு செய்யும் ஆக்னஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலெல்லாம் மளமளவென்று தட்டிவிட்டு, சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து தப்புகளைத் திருத்துவாள். ஆர்டர்கள் ராத்திரிதான் மொத்தமாக ஸ்டோருக்கும் தோல் வெட்டும் கட்டிங்குக்கும் போகும் என்பதால், அவள் கைத்தவறு யார் கண்ணிலும் பட்டதில்லை.

கம்ப்யூட்டர் பிரிவு இன்பராஜ் அதை மாற்றினான். இனி ஆர்டர் பதிவானதுமே அந்தச் சேதி கிளம்பும். அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டோரும் கட்டிங்கும் உடனே வேலையில் இறங்கும்.

"போறதுக்கு முன்னாடி சரிபாக்க ஒரு பட்டன் வெச்சிக் குடு இன்பராஜ்," என்றாள்.

"ஒழுங்கா அடிச்சா பட்டன் இன்னாத்துக்குக்கா?" பக்கத்து மேஜைகளெல்லாம் சிரித்தன.

மறு வாரமே கறுப்புக்குப் பதில் பிரவுன் என்று அடித்துவிட்டாள். சாயங்காலம் கண்டுபிடித்து ரத்து செய்தாள். ரத்துச் சேதியும் உடனடியாகத்தான் போனது. ஆனால் வெட்டின தோலை அது ஒட்டவைக்குமா?

வெட்டின பிரவுன் தோல் துண்டுகளை அவள் மேஜைமேல் கொட்டச் சொன்னார் மேனேஜர். "சிஸ்டத்துல கோளாறா?"

"சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சுது சார்," என்றான் இன்பராஜ், அவளைப் பார்க்காமல்.

அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். விட்டுப்போன டிபன் பாக்ஸுக்காகத் திங்கட்கிழமை வந்தவள், தன் நாற்காலியில் இன்பராஜின் மச்சினி ஜெனிஃபாவைப் பார்த்தாள். அவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கம்பெனியில் ஒருத்தரும் கேட்கவில்லை. திரையில் புதிதாக ஒரு பட்டன் இருந்தது: 'சரிபார்த்து அனுப்பு'.

"மாமா எனக்காகவே வெச்சிக் குடுத்தாருக்கா," என்றாள் ஜெனிஃபா. "ரொம்ப வசதியா இருக்கு."