ஒன்பது மணிப் பெட்டி

விற்பனைக்கூடத்துக் கண்காணிப்பாளர் தீனதயாளனுக்குக் கரும்பலகையில் நேரம் எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. சரக்கைப் பரப்ப, வியாபாரிகள் பார்வையிட, விலைச் சீட்டுப் பெட்டியை மூட, எடை போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் வைத்து, தன் அழகான கையெழுத்தைத் தானே நின்று ரசிப்பார். ரசித்துவிட்டுப் போகட்டும், அந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு நடந்தது அந்த ஏலம் ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்க இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எல்லா ரோட்டிலும் மரத்தை வெட்டிச் சாய்க்கப்போகிறார்கள், அதுவும் முதல் நாள் நண்பகலிலிருந்து. லாரிகள் அதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று வியாபாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். தீனதயாளன் யோசிக்கவே இல்லை. பலகையைத் துடைத்தார், நண்பகலில் மூட வேண்டிய பெட்டியை ஒன்பதுக்கு மூடுவதாக எழுதினார், மற்றதையெல்லாம் அதே அளவுக்கு முன்னே இழுத்தார். கணக்கு கச்சிதமாக வந்தது.

மறியலின் முதல் நாள் காலை ஒன்பதுக்குப் பெட்டி மூடியது. வியாபாரிகள் விலை எழுதிப் போட்ட சீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் வந்த உச்ச விலையை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரலே இறங்கிவிட்டது. போன வாரத்து விலையில் முக்கால் பங்குகூட இல்லை.

களத்துக்கு ஓடி ஒரு கை மல்லாட்டையை, தோலுரிக்காத நிலக்கடலையை, அள்ளிக் காதருகே குலுக்கினார். சத்தமே இல்லை. ராத்திரிப் பனியில் நனைந்த காய் வெயில் பட்டுக் காய்ந்தால்தானே உள்ளே பருப்பு ஆடும்? தினமும் நண்பகல் வரை சரக்கு சிமெண்டுக் களத்தில் கிடப்பது எதற்கென்று இருபது வருடம் இந்த வேலை பார்த்தவருக்குத் தெரியாதா? பலகையில் எல்லாவற்றையும் முன்னே இழுத்தவர் வெயிலை இழுக்க மறந்துபோனார். வியாபாரிகள் ஈரத்துக்குத்தான் விலை போட்டிருந்தார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளிமலையிலிருந்து முந்தின நாளே ஜீப்பில் மூட்டைகளோடு இறங்கியிருந்த பெரியம்மாள், அந்த விலைக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மறுக்க விற்பவருக்கு உரிமை உண்டு. மறுத்தால் அன்றைக்கே மறுபடி சீட்டுப் போடலாம் என்பதும் விதிதான். ஆனால் காய் காய நண்பகலாகும், நண்பகலில் ரோடு போய்விடும். மழை மேகம் வேறு மலைப்பக்கம் கூடியிருந்தது. ஒரு வாரம் குவியலில் கிடந்தால் அவளுடைய வருஷத்து வெள்ளாமை முளைத்துவிடும்.

மறியலுக்குத் தலைமை ராஜாங்கம். அவருடைய குவியலும் அதே களத்தில் கிடந்தது, அதே ஈரத்தோடு. தீனதயாளன் தயங்கித் தயங்கிப் போய், தான் செய்த பிழையைச் சொல்லி, இந்த ஒரு ரோட்டை மட்டும் மூன்று மணி வரை விட முடியுமா என்று கேட்டார். ராஜாங்கம் முடியாதென்று தலையை ஆட்டினார். தன் சரக்கு விலை போக மறியலைத் தள்ளி வைத்தான் என்று ஊர் காறித் துப்பும் என்றார். அதுவும் நியாயம்தான்.

பெரியம்மாள் எழுந்து வந்தாள்.

"சரிங்க, நான் மூட்டைய கட்டிக்கினு வூட்டுக்கே போறேன். மலைக்குப் போற ரோட்ட வுடுவீங்களா?"

"அதயும்தாம்மா மறிக்கிறோம்."

"விக்கவும் வழியில்ல, தூக்கிக்கினு போவவும் வழியில்ல. அப்போ இத இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

ராஜாங்கம் அவள் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு தீனதயாளன் பக்கம் திரும்பினார்.

"சார், ஏலத்துலேர்ந்து என் சரக்க எடுத்துடுங்க. மத்தவங்களுக்கு மூணு மணி வரைக்கும் ரோடு இருக்கும்."

தீனதயாளன் பட்டியலில் ராஜாங்கத்தின் குவியலை அடித்தார். போய்ப் பலகையைத் துடைத்து, மறுபடி நண்பகல் என்று எழுதினார். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டது. லாரி மூன்றுக்குள் போய்விடும் என்றதும் வியாபாரிகளும் முணுமுணுப்பை நிறுத்தினார்கள்.

நண்பகலில் காய் கலகலவென்று ஆடியது. பெரியம்மாளுக்குப் போன வாரத்து விலைக்கு மேலேயே கிடைத்தது. கடைசி லாரி வளைவில் திரும்பியதும் பின்னால் புளியமரம் சாய்ந்தது. மலைக்கு வண்டி இல்லாததால் பெரியம்மாள் மறியல் கூட்டத்தோடு நிழலில் உட்கார்ந்து, அவர்கள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தாள்.

அந்த வாரம் கூடத்துக்கு ஒரு கூலியாளும் வரவில்லை, எல்லாரும் ரோட்டில் இருந்தார்கள். தீனதயாளன் மட்டும் தினமும் பூட்டைத் திறந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராஜாங்கத்தின் மல்லாட்டையை வெயிலில் பரப்பினார், கிளறினார், தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூடினார். பலகையில் அந்த வாரம் எந்த நேரமும் எழுதவில்லை. சாயங்காலம் ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.