இரண்டாவது சாட்சி

மறுநாள் விமானம் ஏறவிருந்த அக்காவுக்கு, வீட்டை விற்கும் அதிகாரத்தைக் கணவருக்குப் பதிவு செய்து கொடுக்க அன்றைக்கு விட்டால் வேறு நாளில்லை. இரண்டாவது சாட்சியாக வந்தவர் அடையாள அட்டையின் நகலை மட்டும் கொண்டுவந்திருந்தார். அசல் இல்லாமல் முடியாது என்று சார்பதிவாளர் சொல்லிவிட்டதால், வேறு வழியின்றிப் பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் தம்பியை அழைத்தாள்.

சார்பதிவாளர் அவனுடைய அட்டையைச் சரிபார்த்தார். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"சொல்லித் தொலையேன்டா."

"அம்மா செத்தப்ப, எனக்குத் தம்பியே கிடையாதுன்னு இவங்கதான் ஊரெல்லாம் சொன்னாங்க சார். இவங்கள எனக்குத் தெரியாது."

"வேற சாட்சியக் கூட்டிட்டு வாங்கம்மா." பத்திரம் அவள் பக்கம் திரும்பி வந்தது.

"நீ நல்லா இருப்பியாடா?"

"யாரும்மா நீங்க?" என்று கேட்டபடி அட்டையை எடுத்துக்கொண்டான்.