கேக்குக்குள் ஒரு ஒற்றைப்படை

யதுர்ஷிகா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத்தான் முதன்முதலாக மூன்றடுக்குக் கேக் செய்தேன். அது நிமிர்ந்து நின்றால் கலியாண ஓர்டர்கள் வரும். சரிந்தால் வீடியோ கனடாவரை போகும், கூடவே என் பெயரும் போகும். பிறகு பரந்தனில் ஆர் என்னிடம் கேக் கேட்கப்போகிறார்கள்?

வழியில் குலுங்கும் என்று அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுவந்து, மண்டபத்தில்தான் அடுக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் அதற்கென்று ஒரு கேக் மட்டை, தடித்த வட்ட அட்டை, இருந்தது. கீழடுக்கில் ஒரு மரக்குச்சியைக் குத்தி, கிரீம் மட்டத்தில் அடையாளம் போட்டு வெளியே எடுத்து, அதே நீளத்துக்கு நாலு குச்சி வெட்டினேன். நடு அடுக்கு இருக்கப்போகும் வட்டத்துக்குள் அவற்றைச் சதுரமாக இறக்கினேன். மேலே இருக்கிற பாரத்தை மட்டை வாங்கிக் குச்சிகளுக்குக் கொடுக்கும். கேக் பாரம் சுமக்காது. மேலே கொஞ்சம் கிரீமும் பூசிவிட்டு, நடு அடுக்கை எடுக்க வெளியே நின்ற வான் வண்டிக்குப் போனேன்.

வந்து வைத்துக் கையை எடுத்ததும் நடு அடுக்கு ஒரு பக்கமாக இறங்கியது. பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் யதுர்ஷிகாவின் மாமி கமலாசனி கிரீம் பூசிய விரலைத் துடைத்துக்கொண்டு நின்றா.

"அன்ரி, இதில கை வைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை, ஒரு குச்சியை எடுத்தனான். கொண்டை ஊசியால கிண்டினவுடன வந்திட்டுது. மேல வடிவாத் தடவியும் விட்டனான்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"நாலு ரெட்டைப்படையெல்லே? நல்ல காரியத்துக்கு ஆரும் ரெட்டையில வைப்பினமே? பலகாரத் தட்டமே பதினொண்டு எண்டு எண்ணித்தான் கொண்டந்தனாங்கள்."

கேக்கை அப்படியே அவவின் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் யதுர்ஷிகாவை மணவறை மேடைக்குக் கூட்டிவரப்போகிறார்கள். சடங்கு விஷயத்தில் அவவோடு வாதாடி வென்றவர் எவருமில்லை.

மட்டை இருந்ததால் நடு அடுக்கு உடையாமல் தூக்க வந்தது. அமுங்கிய இடத்தைக் கிரீமால் நிரப்பினேன். மிச்சமிருந்த குச்சியில் அதே நீளத்துக்கு இரண்டு வெட்டி, ஒன்றை அவ கிண்டிய ஓட்டையிலும், மற்றதை நட்ட நடுவிலும் இறக்கினேன்.

"இப்ப அஞ்சு. சரியோ அன்ரி?"

"இதைத்தானே பிள்ளை முதலே சொன்னனான்!"

சொல்லவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடு அடுக்கைத் திரும்ப வைத்து, அதிலும் ஐந்து குச்சி இறக்கி, மேலடுக்கையும் ஏற்றினேன். மூன்றடுக்கும் அசையாமல் நின்றன.

சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெண் என்னைத் தேடி வந்து, மகளின் கலியாணத்துக்கு நாலடுக்குக் கேக் வேணும் என்றா. திகதி எழுத உடனே கொப்பியை எடுத்தேன்.

"ஆனா தங்கச்சி," என்றா அவ, "குச்சி வைக்கேக்க கமலாசனி அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவா சொல்லித்தந்தபடியாத்தானாம் உங்கட கேக் சரியாமல் நிண்டது."