ஏழில் ஒரு பங்கு செக்கன்

குருநகர் இறங்குதுறையில் மீன் விலைக்கு அடுத்தபடியாக அந்த மாதம் பேசப்பட்டது றொசாந்தியின் தோல்விதான். வலை இழுத்துக் களைத்து வந்த மரியரட்ணத்தை மறித்து, "உன்ரை மகள் விளையாடேக்கை நித்திரையாமே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த மனுசன் வீட்டுக்கு வந்து மகளின் முகத்தைப் பாராமல் சாப்பிட்டார். திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

நடந்தது இதுதான். யாழ்ப்பாண நகரில் விளையாட்டுக் கடை வைத்திருக்கும் நிருஷன், கடையின் ஆண்டு நிறைவுக்கு ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தான். கொன்சோலில் இருவர் மோதும் சண்டை விளையாட்டு. தடுத்தாடுவதில் றொசாந்தியை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். உதை கிளம்புவதைக் கண்டதும் அவள் கை தானாகத் தடுக்கும். அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து. இறுதியாட்டத்தில் எதிரே இருந்தவன் நிருஷனேதான்.

"சனம் இரண்டு பேற்றை முகத்தையும் பாக்க வேணும். ஆளுக்கொரு திரையோடை எதிரும் புதிருமா இருப்பம், தங்கச்சி," என்று தேனொழுகச் சொன்னான். அவனுக்கு ரீவி, அவளுக்கு மொனிற்றர். வயர்களெல்லாம் மேசை விரிப்புக்கு அடியில்.

அன்றைக்கு அவள் கை அவளுடைய கையாகவே இருக்கவில்லை. தடுத்தேன் என்று நினைக்கும்போது அடி விழுந்திருந்தது. அதைவிட விசித்திரம், ரீவியோடு இணைத்த மண்டப ஒலிபெருக்கியில் அடிச் சத்தம் முதலில் கேட்டது, அதற்குப் பிறகுதான் திரையில் அடி தெரிந்தது. பதற்றம் என்று நினைத்தாள். மூன்றுக்குப் பூச்சியம். "ஒரே ரீவியிலை ஒருக்கா விளையாடுவமோ, அண்ணை?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"தோத்தவைக்கு மறு ஆட்டம் இல்லை," என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து.

'றொசாந்திக்கு நித்திரை' என்ற தலைப்போடு வீடியோ அன்றே ஏறியது. பதிவில் அந்தப் பிந்தல் எதுவும் தெரியாது, கொன்சோல் அனுப்பியபடியே பதிந்த படம்தானே அது. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மந்தமாக ஆடும் ஒரு பெண். யாரோ ஒருவர் திரைகளைப் பற்றிச் சந்தேகம் கேட்டதற்கு நிருஷன் கீழே எழுதியிருந்தான்: "இரண்டு திரையும் ஒண்டுதான். ஆடத் தெரியாதவைக்குச் சாட்டு வேணும்."

மூன்று கிழமைக்குப் பிறகு விதி ஒரு பொலித்தீன் பையில் வந்தது. றொசாந்தி வேலை செய்யும் மின்சாதனத் திருத்தகத்துக்கு, நிருஷனின் கடைப் பொடியன் ஜெயசுதன் கப்சர் காட் என்ற பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கொன்சோலின் படத்தை வாங்கி, ஒரு வயரால் லப்ரொப்புக்குப் பதிவுக்குக் கொடுத்து, அதே படத்தை நேரே ரீவிக்கும் விடுகிற சின்னப் பெட்டி அது. ரீவிக்குப் போகும் வயரைச் சொருகும் வாய் ஆடுகிறதாம்.

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். படம் உள்ளே வர ஒரு வாய், லப்ரொப்புக்கு ஒன்று, ரீவிக்குப் போக ஒரேயொரு வாய்.

"ஜெயசுதன், இதிலையிருந்து ஒரு ரீவிக்குத்தானே போகும்? அண்டைக்கு என்ரை மொனிற்றருக்குப் படம் எங்கையிருந்து வந்தது?"

பொடியன் தலையைச் சொறிந்தான். "லப்ரொப்பிலையிருந்து, அக்கா. படத்தை இரண்டாப் பிரிக்கிற பெட்டி நான் கொண்டுவந்தனான். நிருஷன் அண்ணை வேண்டாம் எண்டிட்டார்."

"வேண்டாம் எண்டவரோ?"

"ஓம். சிரிச்சுக்கொண்டு சொன்னவர்."

வாயை ஈயத்தால் பற்றவைத்து முடித்ததும் றொசாந்தி திருத்தகத்துக் கொன்சோலில் அதைப் பூட்டிச் சோதித்தாள். முதலில் கொன்சோலின் நகல் தடுப்பை நிறுத்தினாள், இல்லாவிட்டால் லப்ரொப்பில் கறுப்புத் திரைதான் வரும். படம் பிந்தாமலிருக்க ரீவியை விளையாட்டு முறைக்கு மாற்றினாள். ரீவியைப் பார்த்து ஆடினாள்: பதிவு ஓடிக்கொண்டிருக்க, கை சொன்னபடி கேட்டது. லப்ரொப்பின் படத்தைப் பார்த்து ஆடினாள்: அதே பாழாய்ப்போன கனம், அதே முந்திவரும் சத்தம். லப்ரொப்போ படத்தை வாங்கி, அடுக்கி, பிறகுதான் காட்டும். பதிவுக்கு அது போதும், ஆடுவதற்குக் காணாது.

இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து, கைபேசியை மெதுவோட்டத்தில் பிடித்தாள். செக்கனுக்கு இருநூற்று நாற்பது படம். ரீவியில் உதை கிளம்பியதிலிருந்து எண்ணினாள். முப்பத்துநான்காவது படத்தில்தான் லப்ரொப்பில் கால் தூக்கியது. ஏழில் ஒரு பங்கு செக்கன். அவ்வளவு சின்னத் திருட்டு, அவளுடைய பெயர் முழுவதும் போனது.

முதலில் அழுகை வந்தது. பிறகு அது நின்று, வேறொன்று வந்து குந்திக்கொண்டது. அந்த வேறொன்று மிகவும் இனித்தது.

திருத்தக முதலாளி கிறிஸ்ரோபர் கைபேசிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் போடு பிள்ளை, உண்மை வெளியிலை வந்திடும்," என்றார்.

"உண்மை வெளியிலை வந்தா அவருக்கு நோகாது, அண்ணை. எனக்கு அவர் நோக வேணும்."

கோயில் திருநாளை ஒட்டி வாலிபர் மன்றம் விளையாட்டுப் போட்டி நடத்துவது வழக்கம். அந்த வருடத் திருநாள் ஞாயிறு பூசை முடிந்து மண்டபம் நிரம்பியது. றொசாந்தி கேட்டு மன்றம் சிறப்பு ஆட்டத்துக்கு அழைத்ததும் நிருஷன் புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். இன்னொரு முறை அடிக்கக் கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்!

றொசாந்தி அடுக்கிய மேசையில் விரிப்பு இல்லை. வயர்கள் எல்லாரும் பார்க்கக் கிடந்தன. அதே போலொரு கப்சர் காட் பெட்டியிலிருந்து ஒன்று ரீவிக்கு, மற்றது லப்ரொப்புக்கு, லப்ரொப்பிலிருந்து ஒன்று மொனிற்றருக்கு. நிருஷனின் கண் அந்த வயரோடு போய் மொனிற்றரில் நின்றது. முகம் வெளிறியது.

"நீங்கள் உதிலை இருங்கோ, அண்ணை," என்றாள் றொசாந்தி, மொனிற்றரைக் காட்டி.

அவன் குனிந்து கிசுகிசுத்தான். "றோசி, இந்தச் சனத்துக்கு முன்னாலை வேண்டாம். வீடியோவை இப்பவே எடுத்துவிடுறன்."

அந்த இடத்தில் அவள் விட்டிருக்கலாம். நல்ல பிள்ளை என்று பெயரும் எடுத்திருக்கலாம். பின் வரிசையில் அப்பா இருப்பதைப் பார்த்தாள். சிறிய மைக்கை எடுத்து நிருஷனின் புதுச் சேட்டில் தானே குத்தினாள். பிறகு உரத்துச் சொன்னாள்:

"நிருஷன் அண்ணை எழுதினவர், இரண்டு திரையும் ஒண்டுதான், ஆடத் தெரியாதவைக்குச் சாட்டு வேணும் எண்டு. அப்ப எதிலை இருந்தா என்ன?"

கூட்டம் கைதட்டியது. அவன் மொனிற்றருக்கு முன்னால் இருந்தான். இருக்காமல் என்ன செய்வான்?

ரீவிக்கு முன்னால் அவள் கை அவளிடம் திரும்பி வந்தது. அவன் உதைத்தால் தடுத்தாள், அவள் உதைத்தால் அவன் காற்றைத் தடுத்தான். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம். முன் வரிசையில் யாரோ, "அண்ணைக்கு நித்திரை போலை!" என்று கத்த, மண்டபம் குலுங்கியது. மூன்றாம் ஆட்டத்தின் பாதியில் நிருஷன் கையிலிருந்த கட்டுப்படுத்தியை மேசையில் அடித்துக் கத்தினான்.

"இதிலை என்னெண்டு விளையாடுறது? லப்ரொப்பாலை வாறது பிந்தித்தானே வரும்! எனக்குத் தெரியாதோ?"

மைக் அதை மண்டபத்துக்குச் சொன்னது. லப்ரொப் அதைப் பதிந்துகொண்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"தெரியுமெண்டு எனக்கும் தெரியும், அண்ணை," என்றாள் றொசாந்தி. "அண்டைக்கு அதிலை இருந்தது நான்."

பின் வரிசையில் மரியரட்ணம் எழுந்து நின்றார். இறங்குதுறையில் சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

நிருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் செய்தது பிழைதான். ஆனா ஒரே ரீவியிலை எண்டா நான் உன்னை வெல்லுவன், றோசி. ஒரே ஒரு ஆட்டம். ஆர் திறம் எண்டு தெரிய வேண்டாமோ?"

அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அவளுக்கும் அது தெரியாது. ஆடிப் பார்க்க அவள் விரல்கள் துடித்தன. அந்த ஆசையைவிடப் பெரிய ஆசை அவளிடம் ஒன்று இருந்தது.

ரீவியின் வயரை இழுத்துக் கழற்றி, கையில் சுற்றத் தொடங்கினாள்.

"தோத்தவைக்கு மறு ஆட்டம் இல்லை, நிருஷன்," என்றாள். அண்ணை என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை.