ஐந்து இடம் சேர்ந்து போனால்

விமானம் புறப்பட இருநூற்று அறுபத்து மூன்று மணி நேரம் இருந்தது. ஐந்து பேருக்கு டிக்கெட் கேட்டு, கமுதியிலிருந்து வீரையாவும் அவர் தங்கை பாண்டியம்மாளும் வந்திருந்தார்கள்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் ஹமீது சுல்தான் அண்ணன் நடத்தும் டிராவல்ஸில் நான் வேலை பார்க்கிறேன். பேசுவது அவர் வேலை. திரையைப் பார்ப்பது என் வேலை. இயற்பியல் படித்துவிட்டு வந்த எனக்கு அது தோதாக இருந்தது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது.

"மக டெல்லியில டாக்டர் பட்டம் வாங்குறா பாய். ஊசி போடுற டாக்டர் இல்ல, படிச்சு வாங்குறது," என்றார் வீரையா. "திரும்பி வர்றதுக்கு அவளே டிக்கெட் போட்டுட்டா. போறதுக்கு நான் போடுறேன்னு சொல்லிட்டேன். முப்பத்தஞ்சு வச்சிருக்கேன்."

மிளகாய்ப் பழம் பறிக்கும் மாசி மாதம். ரயிலில் போய்வர அவருக்கு நாள் இல்லை.

நான் ஐந்து பேர் என்று போட்டுப் பார்த்தேன். தலைக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அண்ணன் விலையைச் சொன்னதும் வீரையாவின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது.

"நேத்து மச்சினன் ஆறாயிரத்துச் சொச்சம்னு சொன்னான்."

"நேத்து நேத்துதானே. இடம் நிறைய நிறைய விலை ஏறும்."

"கடைசி நாள் வாங்குனா கொறையாதா?" என்றார் பாண்டியம்மாள். "பொழுது சாஞ்சா மீன் வெல எறங்குதுல்ல?"

"மீனு அழுகும், அதான் எறங்குது. ஏரோப்ளேன்ல கடைசி நாள் வர்றவன் போயே ஆகணும்னு வர்றவன். அவன்கிட்ட எதுக்குக் கொறைக்கப் போறான்?"

பாண்டியம்மாள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் நின்னுக்கிறேண்ணே. நீங்க நாலு பேரும் போங்க."

"நீ நிக்கிறியா? ஆறாப்புலருந்து அவ ஒன் வீட்ல தங்கிப் படிச்சவ. நீ இல்லாம நான் எந்த மொகத்தோட அங்கன போய் நிப்பேன்?"

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டு பேர் என்று மாற்றிப் பார்த்தேன். அதே விலை. ஒருவர் என்று போட்டேன். ஆறாயிரத்து நானூற்று எண்பது.

விமானத்தில் எல்லா இடமும் ஒரே விலையில் கிடப்பதில்லை. மலிவு விலையில் கொஞ்சம், அதற்கு மேல் விலையில் கொஞ்சம் என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி தீர்ந்தால் அடுத்த படி. ஐந்து பேருக்குச் சேர்த்துக் கேட்டால், ஐந்து இடமும் எந்தப் படியில் இருக்கிறதோ அந்த விலையையே ஐவருக்கும் காட்டும். கீழே ஒரு மலிவு இடம் மிஞ்சியிருப்பதைச் சொல்லாது. அதனால்தான் ஒன்றிலிருந்து ஒன்பது வரை தனித்தனியாகக் கேட்டுப் பார்ப்பேன்.

பதினான்கு மாதமாகக் காலை பதினொரு மணிக்கு அப்படிக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மதுரை - டெல்லிக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு முன் ஆறு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை விலை நிதானமாக இருக்கும். இரண்டு வாரத்துக்குள் வந்தால் ஏறும். பண்டிகை வந்தால் இந்தக் கணக்கு உதவாது. நான் எழுதுவதை அண்ணன் பார்த்துவிட்டு, வருகிறவர்களிடம், "இன்னிக்கு வேணாம்னு கம்ப்யூட்டர் சொல்லுது" என்பார். அப்படி அவர் சொல்வது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு மலிவு இடத்தையும் நான்கு அடுத்த படி இடத்தையும் பிரித்து வாங்கினால் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று எண்பது. அப்போதும் போதாது.

நோட்டைத் திறந்தேன். நேற்று பதினொரு மணிக்கு ஆறு பேர் வரை மலிவு விலை. இன்று ஒருவர். ஒரே நாளில் ஐந்து இடம். இந்த விமானத்தில் ஒரு நாளைக்கு ஒன்றும் இரண்டுமாகத்தான் போகும். ஐந்து போய் நான் பார்த்ததில்லை.

எதிரே இருப்பவர்களுக்கும் வேண்டியது ஐந்து.

அண்ணன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "இவங்க வீட்ல வேற யாராச்சும் டிக்கெட் கேட்டாங்களான்னு கேளுங்கண்ணே."

"கம்ப்யூட்டர் ஒண்ணு கேக்குது," என்று அண்ணன் தொண்டையைச் செருமினார். "வேற எங்கயும் கேட்டீங்களா?"

"எங்கயும் கேக்கல பாய்."

பாண்டியம்மாள் மட்டும் நிமிர்ந்தார். "மதினியோட தம்பி நேத்து சாயங்காலம் எல்லாரு ஆதாரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரே. ஃபங்ஷன்ல உள்ள விடுறதுக்கு வேணும்னாரு."

மதினியின் தம்பி என்றால் வீரையாவின் மச்சினன் குருநாதன்; சிக்கல் என்ற ஊரில் இருக்கிறார். போகும் ஐவரில் அவரும் ஒருவர். வீரையா போனைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, நீ டிக்கெட் போட்டியா?"

"யாரு மச்சான் சொன்னது?"

"போட்டியா, இல்லையா?"

"போட்டாச்சு. தாய்மாமன் செய்முறைன்னு தட்டுல வச்சுத் தரலாம்னு இருந்தேன். கெடுத்துட்டீகளே."

வீரையா முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. எனக்கு ஒரு சந்தேகம். இந்த விமானத்தில் ஏஜெண்டுகள் பணம் கட்டாமலே சில மணி நேரம் இடம் பிடித்து வைக்கலாம். பேர், வயது எல்லாம் அச்சாகி வரும். பார்த்தால் டிக்கெட் மாதிரியே இருக்கும்.

"பணம் கட்டிட்டாரான்னு கேளுங்க," என்றேன். இம்முறை அண்ணன் திருப்பிச் சொல்லும்முன் வீரையாவே கேட்டுவிட்டார்.

"சாயல்குடியில நம்ம ஏஜெண்டு. நாளைக்கு வந்து குடுங்கன்னு நேத்து சொன்னாரு. பேப்பர் போன்ல இருக்கு."

அந்தப் பேப்பர் எங்கள் போனுக்கு வந்தது. ஐந்து பேர். ஆறாயிரத்து நானூற்று எண்பது. டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடம் காலி. அடியில் சிறிய எழுத்தில் கெடு: இன்று பன்னிரண்டு மணி.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தெட்டு.

கெடு தாண்டினால் ஐந்து இடமும் கழன்றுவிடும். பழைய விலைக்கே திரும்பி வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் நமக்கு முன்னால் யாராவது எடுத்துவிடலாம். அண்ணன் என்னைப் பார்த்தார். கெடு தாண்ட விட்டு நாங்கள் பிடித்தால் வியாபாரம் எங்களுக்கு. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்.

அண்ணன் பெருமூச்சு விட்டுப் போனருகே குனிந்தார். "குருநாதன், அது டிக்கெட் இல்ல. இடம் பிடிச்சு வச்சது. பன்னெண்டுக்குள்ள ஒங்க ஏஜெண்டுக்குப் பணம் போய்ச் சேரணும். அவரையே டிக்கெட் அடிக்கச் சொல்லுங்க. இங்கன வேணாம்."

"நான் அனுப்புறேன்," என்றார் வீரையா.

"மச்சான், மாமன் சீர்ல கை வைக்காதீக!"

"ஏலே, எம் மக பட்டத்துக்கு நான் போடாம?"

"ரெண்டு பேரும் சண்டை போட்டே மணிய பன்னெண்டாக்கிருவீக," என்றார் பாண்டியம்மாள். "அவரே போடட்டும்ணே. நீ அங்கன போய்ப் புள்ளைக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடு."

போன் அணைந்தது. நான் திரையில் ஒருவர் என்று போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ப்பதால் விலை ஏறாது. பிடித்து வைத்தால்தான் ஏறும்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு வீரையாவின் போன் அடித்தது; எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார். குருநாதன் புதிய பேப்பரை எங்கள் போனுக்கு அனுப்பியிருந்தார். அண்ணன் அதை என் பக்கம் நகர்த்தினார். ஐந்து பேர், ஐந்து டிக்கெட் எண். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது பெயர் பாண்டியம்மாள்.

"சரியா இருக்கு," என்றேன்.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வீரையா முப்பத்தைந்தாயிரத்தையும் மறுபடி சட்டைக்குள் தள்ளினார். எங்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. "பாய் கடைக் கம்ப்யூட்டர்தான் மாப்ள கண்டுபிடிச்சுச்சு," என்று வீரையா போனில் சொன்னார்.

"பாய், அந்தக் கம்ப்யூட்டர் எங்கன கெடைக்கும்?" போனிலிருந்து குருநாதன் குரல் கேட்டது. "மிளகா வெல பாக்க எனக்கு ஒண்ணு வேணும்."

அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். வீரையாவும் பாண்டியம்மாளும் அவர் பார்வை போன பக்கம் திரும்பினார்கள்.

நோட்டை மேசைமேல் வைத்தேன்.

"கம்ப்யூட்டர் இல்லைங்க," என்றேன், போனில் இருப்பவருக்கும் கேட்கும்படி. "நான்தான் கண்டுபிடிச்சேன்."