‘வர வேண்டாம்’ எந்தப் பக்கம்?

மட்டாஞ்சேரியில் அரிசிக் குடோனுக்கு மேல் மாடி அறையில், நானும் நௌஷிதாவும் இரண்டு மாதமாக வாக்கியம் எழுதிக் கொண்டிருக்கிறோம். ஒரு மொழிபெயர்ப்புக் கருவி தமிழ் இலக்கணத்தில் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதற்கு. தமிழ் வாக்கியம் ஒன்று, சரியான ஆங்கிலம் ஒன்று, சரி போலத் தெரியும் தப்பு ஆங்கிலம் ஒன்று. கருவி தப்பின் பக்கம் சாய்ந்தால் எங்களுக்கு ஒரே குஷி.

அன்று ‘வேண்டாம்’ எடுத்தோம். ‘வரக் கூடாது’ என்றால் தடை. ‘வர வேண்டியதில்லை’ என்றால், வராவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் நிற்கும் ‘வர வேண்டாம்’ எந்தப் பக்கம்?

“வேண்டியதில்லைங்கிற பக்கம்தான்” என்றேன். “மலையாளத்துல வரண்டான்னு சொல்வமே, எதுக்கு சிரமம்னு. அதேதான்.”

உதாரணத்துக்கு நான் அலையவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். திருப்பூணித்துறையில் இருக்கும் தங்கை கற்பகத்துக்கு முந்தின நாள் அனுப்பியது அப்படியே போனில் இருந்தது. ‘நாளைக்கு ஆபரேஷன். நீ வர வேண்டாம்.’

மகராசி வரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சும் நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அதைப் பட்டியலில் சேர்த்து, ‘வரத் தேவையில்லை’ என்று பொருள்படும் ஆங்கிலத்தைச் சரி என்றும், ‘வராதே’ என்பதைத் தப்பு என்றும் குறித்தேன்.

எங்கள் ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் எழுத வேண்டும் என்பது விதி. இந்த மலையாள ஊரில் தமிழ் பேச ஆளுண்டு, தமிழ் படிக்கத்தான் ஆள் குறைவு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் கற்பகத்திடமே நௌஷிதா கேட்டாள். நான் தடுக்கவில்லை. என்ன எழுதுவாள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

நாற்பது வாக்கியம் போனது. முப்பத்தொன்பதில் அவளும் நாங்களும் ஒன்று. இதில் மட்டும் ‘வராதே’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் குறிப்பு: “இப்படி எழுதினவங்க முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்புக் கட்டத்தில் நான் போட்டு வைத்ததைத்தான் அவள் இரண்டு வருஷமாகச் சுமந்திருக்கிறாள்.

நௌஷிதா குறிப்பை இரண்டு தரம் படித்தாள். “அக்கா, இதுல ரெண்டு அர்த்தமும் வருது. கருவி எதைச் சொன்னாலும் தப்புன்னு சொல்ல முடியாது. ஒண்ணு இந்த வாக்கியத்தையே எடுத்துரணும், இல்லன்னா கூட ஒரு வரி சேர்க்கணும், அர்த்தம் ஒண்ணாகிற மாதிரி.”

சேர்த்தேன். ‘நீ வர வேண்டாம், பஸ்ஸில் சிரமம். ஆனா நீ வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்.’

சரிபார்க்கக் கற்பகத்துக்கு நானே அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“இது கருவிக்கா, எனக்கா?”

பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டு, “உனக்கு” என்று அடித்தேன்.