பேர்ப்பலகையும் கோவக்காயும்

மதுரையில ஒரு செய்தித் தளத்துல உட்கார்ந்து, வாட்ஸப்புல சுத்துற படம் நெசமா பொய்யான்னு பார்த்துச் சொல்றதுதான் பாண்டிச்செல்விக்கு வேலை. அன்னைக்கு வந்த படம் ஒரு மீன் மார்க்கெட். ‘மதுரை மீன் மார்க்கெட்டில் ரசாயன மீன், நீலமும் பச்சையுமாக நிறத்தைப் பாருங்கள், சாப்பிடாதீர்கள்’னு கீழே ஒரு பெரிய எச்சரிக்கை. வேலையத்தவனுக எம்புட்டுப் பேரு இருக்கானுகன்னு முனகிக்கிட்டே படத்தைப் பெருசு பண்ணினா. வலது ஓரத்துல, தலையில மீன் கூடையோட, திரும்பிப் பார்த்தபடி ஒருத்தன் நின்னான்.

சுருளி. அவ கூடப் பொறந்த அண்ணன்.

பக்கத்து சீட்டு சிவக்குமாரைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துப் படத்தைக் காட்டினா. செல்லூர்ல தறிக்கொட்டகை வச்சிருந்த அப்பாவோட, தறியில உட்கார மாட்டேன்னு சண்டை போட்டுட்டுப் போனவன் அவன். போகையில வாசல்ல நின்னு ‘போறேன்’னான். வீட்டை விட்டுப் போறவன் ‘வாரேன்’னுதானே சொல்லணும்? அந்த ஒத்தைச் சொல்லை நினைச்சு நினைச்சு அம்மா அழாத வெள்ளிக்கிழமை இல்லை. போன் நம்பரையும் மாத்திட்டான் பாவி. அப்புறம் அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார், அதுகூட அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

இப்போ பாண்டிச்செல்வியோட மகனுக்கு அழகர்கோவில்ல காது குத்தத் தேதி குறிச்சாச்சு. பிள்ளையை மடியில வச்சுக்க வேண்டியவன் தாய்மாமன். இருக்கிறதே ஒரு தாய்மாமன், அவனும் எங்கேன்னு தெரியாது. மாமியார் நல்ல மனுஷிதான், ஆனா வாயை அடக்கத் தெரியாதவ. பெரியப்பா மகன் யாரையாவது உட்கார வச்சிருவோம், எத்தனை நாளைக்குக் காத்திருக்கிறதுன்னு கேட்டுட்டா. ஆனா அண்ணன் மடியில்லாம குத்தக்கூடாதுன்னு பாண்டிச்செல்வி மனசுக்குள்ள முடிச்சுப் போட்டிருந்தா.

படத்தை முதல்ல போட்டவன் யாருன்னு தேடினா, எல்லாமே அவன் போட்டதை இவன் போட்டது, இவன் போட்டதை இன்னொருத்தன் போட்டது. ஆதி எங்கேயும் இல்லை. அப்போ படத்துக்குள்ளேயே ஊரைத் தேட வேண்டியதுதான்.

பின்னாடி ஒரு இட்லிக் கடை. பலகையில பாதி தெரியுது: மதுரை. அதைப் பார்த்துத்தான் எவனோ இது மதுரைன்னு கட்டிவிட்டிருக்கான். அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. மதுரையில எவன்டா இட்லிக் கடைக்கு மதுரைன்னு பேரு வைப்பான்? ஊரை விட்டு வெளியே போனவன்தான் ஊர்ப் பேரை எழுதி மாட்டுவான். ஆக, இது மதுரை இல்லைங்கிறதுக்கு அந்தப் பலகையே சாட்சி.

அடுத்து ரெண்டு பேரும் மீனைப் பார்த்தாங்க. கிளி மூக்கு மாதிரி வாய், நீலமும் பச்சையுமா உடம்பு. ரசாயனமாவது மண்ணாங்கட்டியாவது, கிளிமீனோட பொறந்த நிறமே அதுதான். பவளப்பாறை இருக்கிற கடல்ல கிடைக்கிற மீன். கீழே சாக்குல ஒரு குவியல் கோவக்காய், பக்கத்துல எலுமிச்சை. கிளிமீனும் இட்லியும் கோவக்காயும் சேர்ந்தா ராமேஸ்வரம், பாம்பன் பக்கம்தான்னு சிவக்குமார் சொல்ல, இவளும் தலையாட்டிட்டா. ஆர்வம் தாங்காம அம்மாவுக்கும் போனைப் போட்டு, அண்ணன் ராமேஸ்வரத்துல இருக்கான்னு சொல்லியும் தொலைச்சா. அம்மா அப்பவே பையில துணியை அடுக்க ஆரம்பிச்சிருச்சு.

பாம்பன்ல மீன் ஏலம் எடுக்கிற காசிமாயன்னு ஒருத்தர் சிவக்குமாருக்குப் பழக்கம். படத்தை அனுப்பினதும் அவரே கூப்பிட்டார். மீனு எங்க கடல்லயும் விழுகும் தாயி, ஆனா இந்த இடம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டார். பாண்டிச்செல்விக்கு முகம் சுண்டிப்போச்சு. துணி அடுக்குற அம்மாகிட்ட இப்போ என்னத்தைச் சொல்றது?

சாயங்காலம் செல்லூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினவ, பழக்கத்துல முத்துமீனா காய்கறிக் கடையில நின்னா. பொரியலுக்குக் கோவக்காய் போடச் சொல்லிட்டு ஒண்ணைக் கையில எடுத்தா. பக்கத்துத் தட்டுல எலுமிச்சம்பழம். சும்மா ரெண்டையும் பார்த்தவளுக்குப் பொறி தட்டுச்சு. கோவக்காய் எலுமிச்சையை விடக் கொஞ்சம்தான் நீளம். படத்துல? வேகமா போனை எடுத்துப் பார்த்தா. படத்துல இருந்தது எலுமிச்சை மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல. ரெண்டு முனையும் கூரா வேற இருக்கு.

அது கோவக்காயே இல்லை. வெள்ளை வரியைப் பார்த்ததும் கோவக்காய்னு நினைச்சது, கோவக்காய் தின்னே வளர்ந்த கண்ணோட குத்தம். முத்துமீனா காயை நிறுத்துக் கையில நீட்டிக்கிட்டே இருக்கா, இவ நடுத்தெருவுல நின்னு போன்ல தேடிக்கிட்டே இருக்கா. கிடைச்சிருச்சு: பொட்டோல். வங்காளிக வீட்டுல தினமும் பொரியுற காய், நம்ம பக்கத்துல யாரும் சீந்துறதில்லை.

சிவக்குமாரைக் கூப்பிட்டா, அவன் எடுத்த எடுப்புல கொல்கத்தான்னான். இல்லைடா இல்லைடான்னா இவ, மூச்சு வாங்க. கொல்கத்தா மார்க்கெட்னா ஆத்து மீனு ரோகும் ஹில்சாவும்ல குவிஞ்சு கிடக்கணும். கிளிமீன் அங்கே எங்கே வந்துச்சு? பவளப்பாறைக் கடலும் வேணும், பொட்டோல் வாங்குற வங்காளிகளும் வேணும், மதுரைன்னு பலகை மாட்டுற நம்ம ஆளுகளும் வேணும். மூணும் ஒரே மார்க்கெட்ல எங்கே சேரும்?

முத்துமீனா நீட்டின காயை வாங்கிப் பையில போட்டா.

“அந்தமான்”னான் சிவக்குமார். அதே நேரம் இவ வாயிலயும் அதே சொல்தான். வங்காளிகளும் நம்ம ஆளுகளும் சேர்ந்து குடியேறின தீவாச்சே.

வீட்டுக்குப் போகப் பொறுமை இல்லை. முத்துமீனா போட்ட ஸ்டூல்லயே உட்கார்ந்து, போர்ட் பிளேர் வரைபடத்துல மதுரை இட்லின்னு தேடினா. பேரை மாத்தி வச்சாலும் அந்த ஊரை இன்னும் எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. ஒரு கடை வந்துச்சு. சாப்பிட்டவங்க போட்ட படத்துல அதே பலகை, எதிர்ல அதே மீன் மேடை, மேடையில அதே உடைஞ்ச ஓடு. கீழே கடை நம்பர். அடிச்சா.

எடுத்தவர் நம்ம பக்கத்துப் பேச்சுலயே பேசினார். சுருளின்னு மீன் கூடை தூக்குற ஒருத்தர்னு இவ சொல்லி முடிக்கலை, “நம்ம செல்லூர்க்காரனா? இந்தா கூப்பிடுறேன்”னு போனை மேசையில வச்சுட்டுப் போயிட்டார். பாத்திரம் உருள்ற சத்தம், யாரோ வங்காளத்துல கத்துற சத்தம். பாண்டிச்செல்வி முந்தானை நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. முத்துமீனா யாவாரத்தை விட்டுட்டு அவ தோளைப் பிடிச்சுக்கிட்டா.

“யாரு?”

அதே குரல். இவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து முட்டுச்சு. எங்கேடா தொலைஞ்சேன்னு கேக்கணும். அப்பா போனதைச் சொல்லணும். அம்மா அழுததைச் சொல்லணும். ஆனா வாயில வந்தது வேற.

“அண்ணே, உன் மருமகனுக்குக் காது குத்தப்போறோம். மடி இல்லைண்ணே.”

அந்தப் பக்கம் மீன் வெட்டுற கத்தி கட்டையில விழுகுறது மட்டும் கேட்டுச்சு. மருமகனான்னு ஒரு தடவை கேட்டான். மகன் பொறந்ததே அவனுக்குத் தெரியாது. பேரு என்னன்னு கேட்டான், சொன்னா. யாரு மாதிரி இருக்கான்னு கேட்டான். உன்னை மாதிரித்தான், தறியைக் கண்டா ஓடுறான்னா. அவன் சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, மூக்கை உறிஞ்சின மாதிரியும் இருந்துச்சு.

அப்புறம் சொன்னான்.

“வாரேன்.”